பாதிப்பு, அடிக்கடி, மாற்றுவழி: பக் டிக்கெட்டுகளை வரிசைப்படுத்த எந்த முறை நல்லது?

சப்போர்ட் வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறோம். பக் எவ்வளவு கெடுதல் செய்கிறது, எவ்வளவு அடிக்கடி வருகிறது, அது சரியாகும்வரை வேலையை ஓட்ட மாற்றுவழி உண்டா. மூன்றையும் ஓரளவு எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் தடுமாற்றம். மூன்று விதமான தகவலை வைத்துக்கொண்டு பத்து டிக்கெட்டுகளை எப்படி ஒரே வரிசையில் நிறுத்துவது? ஒரே நிறுவனத்துக்குள்ளேயே ஒரு குழு கட்டம் போடுகிறது, இன்னொரு குழு மதிப்பெண் போடுகிறது, மூன்றாவது குழு கேள்விகளை வரிசையாகக் கேட்டு முடிவெடுக்கிறது. எதைப் பின்பற்றுவது என்று கேட்பவர்களுக்காக மூன்றையும் ஒரே டிக்கெட்டுகளின் மேல் ஓட்டிப் பார்க்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நல்ல வரிசைமுறைக்கு நான்கு தகுதிகள் வேண்டும் என்பது என் கணிப்பு. ஒன்று, ஒரே டிக்கெட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தாலும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். இரண்டு, யாரும் சத்தம் போடாத, ஆனால் கணக்கைக் கெடுக்கும் பக் கீழே மூழ்கிவிடக் கூடாது. மூன்று, போன் காதில் இருக்கும்போதே முடிவெடுக்க முடிய வேண்டும். நான்கு, "என் டிக்கெட் ஏன் பின்னால் போனது?" என்று கடைக்காரர் கேட்டால் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல முடிய வேண்டும்.

இவற்றில் இரண்டாவதற்குத்தான் நான் அதிக எடை தருவேன். மற்ற மூன்றில் தவறினால் நேரம் வீணாகும், மனக்கசப்பு வரும். இதில் தவறினால் வாடிக்கையாளரின் கணக்குப் புத்தகமே பொய்யாகிவிடும்.

## எடுத்துக்கொண்ட நான்கு டிக்கெட்டுகள்

ஜிஎஸ்டி பில்லிங் மென்பொருள் ஒன்றின் சப்போர்ட் மேசை என்று வைத்துக்கொள்வோம். புது ரிலீஸ் போன மறுநாள் காலையில் நான்கு பக்குகள் கிடக்கின்றன.

அ. தெர்மல் பிரிண்டரில் பில்லின் கடைசி வரி வெட்டுப்படுகிறது. நாற்பது கடைகள் கூப்பிட்டுவிட்டன. பேப்பர் அளவு அமைப்பை மாற்றினால் சரியாகிறது. இரண்டு நிமிட வேலை.

ஆ. தள்ளுபடியில் விற்ற பொருள் திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டில் வரி தப்பாக ஏறுகிறது. 2,000 ரூபாய்ச் சேலை பத்து சதவீதத் தள்ளுபடியில் 1,800 ரூபாய்க்குப் போயிருக்கிறது. ஐந்து சதவீத வரி 90 சேர்த்து 1,890. சேலை திரும்பியதும் வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய 1,890 சரியாகவே அச்சாகிறது. ஆனால் உள்ளே வரிப் பதிவில் 90க்குப் பதில் 100 விழுகிறது. கல்லாவில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. ஒரே ஒரு கடையின் ஆடிட்டர் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். டிக்கெட் ஒன்று.

இ. பன்னிரண்டு கவுண்டர் உள்ள ஒரு ஜவுளிக்கடையில் மாலைக் கூட்ட நேரத்தில் பில் சேமிக்கும்போது திரை உறைந்துபோகிறது. மூடித் திறந்தால் வேலை செய்கிறது, ஆனால் அந்த பில்லை மறுபடி அடிக்க வேண்டும். அதே கடையிலிருந்து மூன்று டிக்கெட்டுகள்.

ஈ. மொத்த வியாபாரிகள் இருவரிடமிருந்து. வாங்குபவரின் முகவரியையும் ஜிஎஸ்டி எண்ணையும் தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகத்துக்கு மாற்றிய பிறகும் விநியோக இடம் என்ற புலத்தில் மாநிலக் குறியீடு 29 ஆக மாறாமல் 33 ஆகவே நிற்கிறது. அதனால் ஐஜிஎஸ்டி போக வேண்டிய இ-இன்வாய்ஸ் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று போகிறது. விநியோக இடமும் வாங்குபவர் பதிவு செய்த மாநிலமும் வேறாக இருக்கச் சட்டத்திலேயே இடம் இருப்பதால் அரசின் இ-இன்வாய்ஸ் போர்ட்டலும் இதை ஏற்றுக்கொண்டு, இன்வாய்ஸின் அடையாளமான ஐஆர்என் எண்ணைக் கொடுத்துவிடுகிறது. மாற்றுவழி, ரத்து செய்துவிட்டு வேறு பில் எண்ணில் மறுபடி போடுவது.

## முதல் முறை: கட்டம்

ஐடி சேவை மேலாண்மையில் ஐடிஐஎல் வழக்கத்தைப் பின்பற்றும் நிறுவனங்களில் பரவலாக இருப்பது இது. ஒரு பக்கம் பாதிப்பு, மறுபக்கம் அவசரம். இரண்டுக்கும் உயர்வு, நடு, தாழ்வு என்று மூன்று நிலை. ஒன்பது கட்டங்களிலும் பி1 முதல் பி5 வரை எழுதிவைத்திருப்பார்கள். டிக்கெட் எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அதுதான் அதன் முன்னுரிமை.

இதன் பெரிய பலம் வேகமும் ஒப்பந்தப் பொருத்தமும். "பி2 என்றால் நான்கு மணி நேரத்தில் பதில்" என்று வாடிக்கையாளரோடு எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அதற்குக் கட்டம்தான் தோது. அவசரம் தனி அச்சாக இருப்பதால் கெடு உள்ள டிக்கெட்டும் மேலே வரும்.

சிக்கல், மூன்று தகவலை இரண்டு அச்சில் திணிப்பதில் இருக்கிறது. மாற்றுவழி அவசரத்துக்குள் போய்விடுகிறது. பாதிப்பு என்ற அச்சில் எத்தனை பேருக்குப் பாதிப்பு என்பதும், ஒருவருக்கு எவ்வளவு ஆழமான பாதிப்பு என்பதும் கலந்துவிடுகின்றன. போன் மேசையில் எண்ணிக்கைதான் கண்ணுக்குத் தெரியும். எனவே நாற்பது கடை கூப்பிட்ட பிரிண்டர் பிரச்சினைக்கு "பாதிப்பு உயர்வு" என்று போடுவார்கள். மாற்றுவழி இருப்பதால் அவசரம் தாழ்வு. விடை பி3. கிரெடிட் நோட் பக்குக்கு ஒரே ஒரு டிக்கெட், யாரும் அவசரப்படவும் இல்லை. இரண்டிலும் தாழ்வு, அதாவது பி5. வரிக்கணக்கைக் கெடுக்கும் பக் அச்சு வெட்டுக்கும் கீழே போய்விட்டது.

கட்டத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற நிலை உங்களுக்கு இருந்தால், பாதிப்பு அச்சின் வரையறையை மாற்றி எழுதுங்கள். "பலர்" என்பதை எடுத்துவிட்டு, "பணம், வரி, இருப்பு தப்பாகப் பதிவானால் எண்ணிக்கை பார்க்காமல் உயர்வு" என்று ஒரு வரி சேர்த்தாலே பாதிக் குறை தீரும்.

## இரண்டாம் முறை: மதிப்பெண் பெருக்கல்

மூன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கொடுத்துப் பெருக்குவது. மாற்றுவழி எளிதாக இருந்தால் 1, இல்லவே இல்லை என்றால் 5. எண் என்பதால் விரிதாளில் போட்டு வரிசைப்படுத்தலாம், கூட்டத்தில் காட்டலாம், துல்லியமாகவும் தெரியும்.

அந்தத் துல்லியத்தை நம்பக் கூடாது. மூன்று ஐந்துகளைச் சேர்த்தால் 125 சேர்க்கைகள் வரும். பெருக்கினால் கிடைப்பதோ 30 வெவ்வேறு எண்கள் மட்டுமே. 80க்கும் 100க்கும் இடையில் எதுவும் கிடையாது, 100க்குப் பிறகு நேராக 125. தன்மையில் சம்பந்தமே இல்லாத டிக்கெட்டுகள் ஒரே எண்ணில் வந்து நிற்கும்.

நம் நான்கையும் போட்டுப் பார்ப்போம். அ: பாதிப்பு 2, அடிக்கடி 5, மாற்றுவழி 1. பெருக்கினால் 10. ஆ: பாதிப்பு 5, ஒரே டிக்கெட் என்பதால் அடிக்கடி 1, வரிப் புலத்தைக் கையால் திருத்தலாம் என்பதால் மாற்றுவழி 2. இதுவும் 10. இ: 4, 3, 3 என்று 36. ஈ: 5, 2, 2 என்று 20. உறைந்துபோகும் திரை முதலிடம். தப்பான வரியும் வெட்டுப்பட்ட வரியும் கடைசியில் சமமாக நிற்கின்றன.

அதே கிரெடிட் நோட் டிக்கெட்டை இன்னொருவர் கொஞ்சம் விசாரித்துவிட்டுப் போட்டால் என்ன ஆகிறது பாருங்கள். தள்ளுபடிப் பொருள் திரும்பும்போதெல்லாம் இது வருகிறது, ஆகவே அடிக்கடி 4. தப்பு நடப்பதே கடைக்காரருக்குத் தெரியாது என்பதால் திருத்தும் வழியும் அவருக்குப் பயன்படாது, ஆகவே மாற்றுவழி 5. இப்போது 5 × 4 × 5 = 100. ஒரே பக், ஒரே நாள், ஒருவர் கையில் 10, மற்றவர் கையில் 100. பெருக்கல் என்பது சின்னக் கணிப்பு வேறுபாட்டைப் பத்து மடங்காக்கிவிடுகிறது.

உற்பத்தித் துறையில் இதே கதை நீண்ட காலம் ஓடியது. எஃப்எம்இஏ என்ற பழுது ஆய்வில் கடுமை, நிகழ்வு, கண்டறிதல் மூன்றுக்கும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டுப் பெருக்கி ஆர்பிஎன் எண் எடுப்பார்கள். அமெரிக்க, ஜெர்மன் வாகனத் துறை அமைப்புகளான ஏஐஏஜியும் விடிஏவும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட கையேடு அந்தப் பெருக்கலைக் கைவிட்டது. அதற்குப் பதிலாகக் கடுமையை முதலில் பார்த்து, பிறகு மற்ற இரண்டையும் பார்த்து உயர்வு, நடு, தாழ்வு என்று சொல்லும் அட்டவணையைக் கொடுத்தது. உயிர் போகும் பழுதும் சலிப்பூட்டும் பழுதும் ஒரே எண்ணில் நிற்கக் கூடாது என்ற கவலைதான் அங்கேயும்.

மதிப்பெண்ணுக்கும் ஒரு நல்ல இடம் உண்டு. அவசரமில்லாத பக்குகள் நூறு இருநூறு தேங்கிக் கிடக்கும்போது, ஒரே ஆள் அல்லது ஒரே சிறு குழு உட்கார்ந்து ஒரே மூச்சில் மதிப்பிட்டால் அது நன்றாக உதவும். மதிப்பிடும் கை ஒன்றே என்பதால் கைக்குக் கை மாறும் வேறுபாடு வராது. கணக்கைக் கெடுக்கும் பக்குகளை முன்பே பிரித்தெடுத்துவிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

## மூன்றாம் முறை: கேள்வி வரிசை

இதில் மூன்று அளவுகோலும் சமமில்லை. பாதிப்பு முதலில், மாற்றுவழி அடுத்து, அடிக்கடி என்பது கடைசியில். மேலே உள்ள கேள்வியில் விடை கிடைத்தால் கீழே போக வேண்டியதே இல்லை.

முதல் கேள்வி: பணம், வரி, இருப்பு, தரவு ஏதாவது தப்பாகப் பதிவாகிறதா அல்லது அழிகிறதா? ஆம் என்றால் பி1. எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

இரண்டாம் கேள்வி: பில் போடுவது, பணம் வாங்குவது, சரக்கு ஏற்றுவது ஆகிய முக்கிய வேலைகளில் ஏதாவது நிற்கிறதா? நிற்கிறது, சோதித்துப் பார்த்த மாற்றுவழி இல்லை என்றால் பி1. மாற்றுவழி உண்டு, ஆனால் வேலையைக் கெடுக்கிறது என்றால் பி2.

மூன்றாம் கேள்வி: இவை இரண்டும் இல்லையென்றால், அந்த வேலையைச் செய்பவர்களில் பலருக்கும் வருகிறதா? ஆம் என்றால் பி3, இல்லை என்றால் பி4.

நம் டிக்கெட்டுகளில் ஆ, ஈ இரண்டும் முதல் கேள்வியிலேயே பி1 ஆகின்றன. இ இரண்டாம் கேள்வியில் பி2. அ மூன்றாம் கேள்வியில் பி3. மோசில்லா தன் பக் பட்டியலுக்கு வைத்திருக்கும் எஸ்1 முதல் எஸ்4 வரையான கடுமை வரையறைகளும் ஏறத்தாழ இப்படித்தான் சிந்திக்கின்றன. தரவு இழப்பும் மாற்றுவழி இல்லாமையும் எஸ்1 வரையறைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. திருப்தியான மாற்றுவழி இல்லாத பெரிய கோளாறு எஸ்2, மாற்றுவழி உள்ள, முக்கியமல்லாத வேலையைத் தடுக்கும் கோளாறு எஸ்3. எதை எப்போது சரிசெய்வது என்ற முன்னுரிமை அங்கே தனிப் புலம். நாமும் அப்படித்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். கடுமையைச் சொல்வது சப்போர்ட்டின் வேலை, ரிலீஸில் எதைச் சேர்ப்பது என்பது டெவலப்பர் குழுவின் வேலை.

இந்த முறைக்கும் மறைவான செலவு உண்டு. முதல் கேள்விக்கு "ஆம்" சொன்னால் மேலே போகலாம் என்பது இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பில்லில் கடையின் பெயர் தப்பாக வந்தாலும் "தரவு தப்பு" என்று பி1 போடுவார்கள். பி1 பட்டியல் வீங்கினால் டெவலப்பர்கள் அதை நம்புவதை நிறுத்திவிடுவார்கள். அதற்கு நான் சொல்லும் தடுப்பு எளிமையானது: முதல் கேள்வியால் பி1 ஆகும் எந்த டிக்கெட்டிலும் ஒரு பில் எண், வர வேண்டிய தொகை, வந்த தொகை மூன்றும் இருக்க வேண்டும். மூன்றையும் எழுத முடியவில்லை என்றால் அது இன்னும் பி1 ஆகவில்லை. தரவு அழிகிறது என்ற டிக்கெட்டில் தொகைக்குப் பதிலாக எந்தப் பதிவு, கடைசியாக எப்போது இருந்தது என்று எழுதலாம்.

இரண்டாவது செலவு, பி4 பக்குகள் எப்போதுமே மேலே வராமல் போவது. அதற்குத்தான் முன்னே சொன்ன மதிப்பெண்ணை மாதம் ஒருமுறை பயன்படுத்தச் சொல்கிறேன்.

## மூன்றும் கொடுத்த விடைகள்

| டிக்கெட் | கட்டம் | மதிப்பெண் | கேள்வி வரிசை |
|---|---|---|---|
| அ. அச்சு வெட்டு, 40 கடை | பி3 | 10 | பி3 |
| ஆ. கிரெடிட் நோட் வரி, 1 டிக்கெட் | பி5 | 10 (விசாரித்தால் 100) | பி1 |
| இ. திரை உறைதல், ஒரே கடை | பி2 | 36 | பி2 |
| ஈ. இ-இன்வாய்ஸ் மாநிலக் குறியீடு | பி3 | 20 | பி1 |

போன் மேசையில் முதலில் டிக்கெட்டைத் தொடுபவர்களுக்கு நான் கேள்வி வரிசையைத்தான் சொல்வேன். ஒப்பந்தக் கெடு உள்ள பெரிய வாடிக்கையாளர்களுக்குக் கட்டம், தேங்கிய பட்டியலுக்கு மதிப்பெண்.

## எந்த முறையானாலும் சறுக்கும் இரண்டு இடங்கள்

முதலாவது, அடிக்கடி என்பதை டிக்கெட் எண்ணிக்கையை வைத்து அளப்பது. டிக்கெட் எண்ணிக்கை, கவனித்து, எரிச்சலடைந்து, போன் எடுத்தவர்களின் எண்ணிக்கை. அச்சு வெட்டு கண்ணில் படும், அதனால் நாற்பது. வரிப் பிழை கண்ணில் படாது, அதனால் ஒன்று. கேட்க வேண்டியது, அந்த வேலையைச் செய்யும்போது எத்தனைக்கு எத்தனை முறை வருகிறது என்பதே. ஆ டிக்கெட்டில் இதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். அந்தக் கடையில் ரிலீஸுக்குப் பிறகு போட்ட மூன்று தள்ளுபடி ரிட்டர்ன்களைத் திறந்து வரித்தொகையைப் பாருங்கள். மூன்றிலும் தப்பு என்றால் இது எப்போதும் வரும் பக். பிறகு சோதனைக் கணினியில் ஒன்று போட்டுப் பாருங்கள். அங்கேயும் வந்தால் தள்ளுபடி ரிட்டர்ன் போடும் எல்லாக் கடையிலும் இது இந்நேரம் நடந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். இ டிக்கெட்டில் இதற்கு நேர்மாறு. மூன்று டிக்கெட் இருந்தாலும் கடை ஒன்றுதான். வேறு பெரிய கடைகளில் இரண்டுக்குப் போன் செய்து மாலையில் உறைகிறதா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இரண்டாவது, மாற்றுவழியை "உண்டு, இல்லை" என்று ஒற்றை வார்த்தையில் முடிப்பது. மாற்றுவழிக்கும் நிபந்தனை இருக்கும், சிலவற்றுக்கு ஆயுளும் இருக்கும். ஈ டிக்கெட் அதற்கு நல்ல பாடம். ஐஆர்என் எண்ணைப் போர்ட்டலில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான் உண்டு. அதற்குள்ளும், அந்த இன்வாய்ஸுக்கு இ-வே பில் நடப்பில் இருந்தால் ரத்து செய்ய முடியாது. சரக்கு லாரியில் ஏறிவிட்டால் மாற்றுவழி அங்கேயே முடிந்தது என்று பொருள். ரத்து செய்த பில் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. ஆகவே நேற்று காலை பில் போட்ட வியாபாரிக்கு மாற்றுவழி இல்லை, இன்று காலை போட்டவருக்கு உண்டு. ஒரே பக்குக்கு வாடிக்கையாளரைப் பொறுத்து விடை மாறுகிறது. டிக்கெட்டில் "மாற்றுவழி: ரத்து செய்து மறுபடி போடுவது. 24 மணி நேரம்வரை, இ-வே பில் போடாதவரை" என்று முழுதாக எழுதினால்தான் அடுத்த ஷிப்டில் வருபவர் தப்பான நம்பிக்கை கொடுக்காமல் இருப்பார்.

இ டிக்கெட்டிலும் அப்படித்தான். மூடித் திறப்பது நமக்கு மாற்றுவழி. வரிசையில் இருபது பேர் நிற்கும் கவுண்டரில், ஏற்கெனவே ஸ்கேன் செய்த பதினைந்து துணிகளை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டியவருக்கு அது பாதி வழிதான். கடையில் வேலை செய்பவர் நம் உதவியில்லாமல், கூட்ட நேரத்தில், தரவு போகாமல் செய்ய முடிந்தால் மட்டுமே முழு மாற்றுவழி என்று எழுதுங்கள். போனில் நாம் ஒருமுறை வழிகாட்டிச் செய்தது அதில் சேராது.

## இரண்டு பி1 வந்தால்

நம் பட்டியலில் ஆ, ஈ இரண்டும் பி1. டெவலப்பர் ஒருவர்தான் இருக்கிறார். இங்கே பார்க்க வேண்டியது, காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் எதில் திரும்பப் பெற முடியாத சேதம் கூடுகிறது என்பது. கிரெடிட் நோட்டில் விழுந்த தப்பான வரியை மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் போகும்வரை திருத்திக்கொள்ளலாம். மாதாமாதம் போடுபவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு அடுத்த மாதம் 11ஆம் தேதி. இ-இன்வாய்ஸுக்கோ 24 மணி நேரம்தான். ஆகவே ஈ முதலில். ரிலீஸ் போன மாதமே வெளியாகி, இந்த மாதம் 9ஆம் தேதி காலையில் இதே இரண்டு டிக்கெட்டும் வந்தால், ஆ பக்கைச் சரிசெய்வது மட்டும் போதாது. போன மாதம் போட்ட தப்பான கிரெடிட் நோட்டுகளைக் கண்டுபிடிக்கும் பட்டியலும் அன்றே வேண்டும். அதையும் டிக்கெட்டில் தனியாகக் கேளுங்கள்.

டெவலப்பர் கை வைக்கும்வரை சப்போர்ட் சும்மா இருக்கத் தேவையில்லை. ஈ விஷயத்தில், வேற்று மாநில வாடிக்கையாளர் உள்ள வியாபாரிகளுக்கு அன்று காலையே செய்தி போக வேண்டும்: "முகவரி மாற்றிய வாடிக்கையாளருக்கு இன்வாய்ஸ் போடும் முன் விநியோக இடம் புலத்தைப் பாருங்கள். தப்பாகப் போயிருந்தால் இ-வே பில் எடுக்கும் முன் ரத்து செய்யுங்கள்." பி3 ஆன அச்சு வெட்டுக்கும் இதேபோல் ஒரு செய்தி, பேப்பர் அளவு மாற்றும் இரண்டு படத்தோடு. டெவலப்பர் வரிசையில் அது கடைசியாகவே இருக்கட்டும், போன் மேசையில் அதுதான் அதிக நேரத்தைத் தின்கிறது. எனவே செய்தி அனுப்புவதில் அதற்கு முதல் இடம் கொடுக்கலாம்.

கடைசியாக, போட்ட முன்னுரிமையை மூன்று சமயங்களில் மறுபடி பாருங்கள்: மாற்றுவழி ஒரு கடையில் வேலை செய்யவில்லை என்று தகவல் வந்தால், வேறு வகைக் கடையிலிருந்து அதே பக் வந்தால், ரிட்டர்ன் கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது. மாற்றினால் பழையதை அழிக்காமல், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி கீழே சேர்த்துவிடுங்கள்.